ஓரத்தில் எழுதிய விடைக்கு மதிப்பெண் உண்டா?

பகுதியைப் படித்துத் தன் வாக்கியத்தில் விடை எழுதும் சுயவிடைக் கருத்தறிதல் தாளைத் திருத்த உட்காரும் தமிழாசிரியர் எவருக்கும் இந்தச் சிக்கல் வராமல் இருக்காது. வினாவுக்குக் கீழே கோடு போட்ட இடம் காலியாக இருக்கும். விடை பக்க ஓரத்தில் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும், அல்லது கடைசி வெற்றுப் பக்கத்தில் எண்கூட இல்லாமல் கிடக்கும். சில வேளை பக்கத்து வினாவின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். மதிப்பெண் போடலாமா, கூடாதா? பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டால் ஒரு பதில், துறைத்தலைவரிடம் கேட்டால் இன்னொரு பதில். இரண்டு வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால், ஒரே மாதிரி எழுதிய இரண்டு பிள்ளைகள் வேறு வேறு மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு இதில் பொறுக்க முடியாதது அதுதான்.

ஆசிரியர்கள் இதை நான்கு விதமாகக் கையாள்வதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, உரிய இடத்தில் எழுதியதை மட்டும் திருத்துவது. இரண்டாவது, தாளில் எங்கே கிடந்தாலும் தேடிப் பிடித்து மதிப்பெண் கொடுப்பது. மூன்றாவது, வேறிடத்தில் எழுதியிருந்தால் வினா எண்ணோ அம்புக்குறியோ இருந்தால்தான் ஏற்பது. நான்காவது, எண் இருக்கிறதோ இல்லையோ, இன்ன வினாவுக்குத்தான் இந்த விடை என்று ஐயமில்லாமல் தெரிந்தால் ஏற்பது. நான் நான்காவது கட்சி. ஆனால் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் முதல் வழியே மேல் என்றும் சொல்வேன்.

வழிகளை வைத்து வாதாடுவதைவிட ஒரு தாளை வைத்துப் பார்ப்பது நல்லது. தரப்படுத்தல் கூட்டத்தில் பேசுவதற்காக, பல தாள்களில் கண்டவற்றை ஒன்றுசேர்த்து நான் அமைத்த மாதிரித் தாள் இது. பகுதியில் ஒரு சிறுகதை. வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி சின்ன மளிகைக்கடை நடத்துகிறார். முதுகுவலி, வருமானமும் குறைவு, கடையை மூடிவிடுங்கள் என்கிறார் மகன். பாட்டி மூடவில்லை. அக்கம்பக்கத்து முதியவர்களுக்குக் கடனாகச் சாமான் கொடுக்கிறார், கடனைக் குறித்து வைப்பதும் இல்லை. நோயில் படுத்த ஒரு பெரியவருக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் பாட்டியோடு குமரன் என்ற பையன் போகிறான், அன்று வீட்டுக்குத் தாமதமாகத் திரும்புகிறான். இந்தக் கதையிலிருந்து ஐந்து வினாக்கள், மொத்தம் 13 மதிப்பெண்.

16ஆம் வினா: மகன் கடையை மூடச் சொன்னதற்கு இரண்டு காரணங்கள் எழுதுக (2). மாணவி கோட்டில் இரண்டு காரணம் எழுதியிருக்கிறாள். ஒன்று சரி, மற்றது தவறு. பக்கத்திலேயே ஓரத்தில், அம்புக்குறி போட்டு மூன்றாவதாக ஒரு காரணம். அதுவும் சரி.

17ஆம் வினா, பாட்டி கடனை ஏன் குறித்து வைக்கவில்லை (2). 18ஆம் வினா, குமரன் ஏன் தாமதமாக வந்தான் (2). 17இன் இடத்தில் 'பாட்டியுடன் பெரியவர் வீட்டுக்குச் சென்றதால் குமரன் தாமதமாக வந்தான்' என்று இருக்கிறது. 18இன் இடத்தில் கடனைப் பற்றிய விடை. இடம் மாறிவிட்டது. அம்பும் இல்லை, எண்ணும் இல்லை.

19ஆம் வினா, பாட்டியின் செயலைப் பற்றி உன் கருத்து, இரண்டு காரணங்களுடன் (4). கொடுத்த கோடுகள் போதவில்லை. முதல் காரணம் முடிந்து, இரண்டாவது 'மேலும், பாட்டி பணத்தைப் பெரிதாக நினைக்காமல்' என்ற இடத்தில் கோடு தீர்ந்துவிட்டது. கடைசி வெற்றுப் பக்கத்தின் தலையில் 'பிறருடைய பசியைப் பெரிதாக நினைத்தார், அதனால் அவர் செய்தது சரியே' என்று இருக்கிறது. அங்கும் எண் இல்லை.

20ஆம் வினா, பாட்டியின் குணநலன் ஒன்றைச் சான்றுடன் எழுதுக (3). குணத்துக்கு ஒன்று, சான்றுக்கு இரண்டு. விடைக்கோடு வெறுமை. பகுதி அச்சான பக்கத்தில், பாட்டி அரிசி கொண்டுபோகும் வரி அடிக்கோடிடப்பட்டு, அதன் ஓரத்தில் '20 – இரக்க குணம்' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

முதல் வழியில் இந்தப் பிள்ளைக்கு 3 மதிப்பெண்: 16க்கு ஒன்று, 19க்கு இரண்டு. இரண்டாவது வழியில் 13க்கு 13. மூன்றாவது வழியில் 4, அதாவது எண் போட்ட 'இரக்க குணம்' மட்டும் கூடுதலாக ஒன்று சேர்க்கிறது; 16இன் ஓரத்துக் காரணத்துக்கு அம்பு இருந்தாலும், கேட்ட இரண்டுக்கு மேல் வந்தது என்பதால் அது சேராது. நான்காவது வழியில் 10. தாள் ஒன்றுதான், பிள்ளை ஒருத்திதான். திருத்துபவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து 3 முதல் 13 வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

முதல் வழியை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு வலுவான ஒரு காரணம் உண்டு, அதை வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளித் தேர்வில் திருத்திய தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, கூட்டல் சரிதானா என்று பார்க்கச் சொல்வோம். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, 'டீச்சர், இதைப் பாக்காம விட்டுட்டீங்க' என்று கொண்டுவந்தால், அது தேர்வு நேரத்தில் எழுதியதா, இப்போது எழுதியதா என்று எப்படிச் சொல்வது? கோட்டில் உள்ளதை மட்டும் திருத்துவேன் என்ற ஆசிரியர் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறார். ஆனால் இதற்கு மருந்து வேறு இருக்கிறது. திருத்தும்போதே காலியான விடையிடத்தில் குறுக்குக் கோடு இழுத்துவிட வேண்டும். வெற்றுப் பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்ததற்கு அடையாளமாகச் சிவப்பு மையில் ஒரு குறி இட வேண்டும். ஓரத்தில் எழுத்து இருந்தால், மதிப்பெண் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதன் முடிவில் ஒரு குறி. இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் திருத்துநர்களுக்கு வெளியிடும் பொது அறிவுரையிலும் இது இருக்கிறது: விடை கடைசிப் பக்கங்களில் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்ததற்கு அடையாளமும் இட வேண்டும். குறி இருந்தால் பிறகு முளைக்கும் வரிகளுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

முதல் வழிக்கு இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: 'அறிவிப்பைப் படித்து நடப்பதும் தேர்வில் ஒரு பகுதிதானே?' இதை நான் ஏற்கவில்லை. 17ஆம் வினா எதைச் சோதிக்கிறது? பகுதியைப் படித்துக் காரணத்தைப் புரிந்துகொண்டு தன் வாக்கியத்தில் எழுதும் திறனை. அந்தத் திறன் அவளுக்கு இருப்பதற்கு அவள் கையெழுத்திலேயே சான்று இருக்கிறது, ஒரு வினா கீழே தள்ளி. இரண்டு மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டால், கருத்தறிதலுக்கான மதிப்பெண்ணை வேறொரு குற்றத்துக்கு அபராதமாக வசூலித்ததாகிவிடும். அதைப் பார்க்கும் அடுத்த ஆசிரியர் இந்தப் பிள்ளைக்குப் பகுதி புரியவில்லை என்றுதான் நினைப்பார்.

இடமே விடையாகிற வினாக்கள் உண்டு, அவற்றில் நான் முழுக்க முதல் வழிக்காரன். தெரிவுவிடை வினாவுக்கு விடைத்தாளில் வட்டத்தை நிழலிட வேண்டும். வினாப் புத்தகத்தில் சரியான விடையை வட்டமிட்டுவிட்டு விடைத்தாளில் வேறொன்றை நிழலிட்டால், நிழலிட்டதுதான் விடை. ஒரு வினாவைத் தாண்டிப்போய் அதற்கடுத்த வரிசை எல்லாம் ஒன்று தள்ளிவிடுவதும் நடக்கும். வயிறு எரியும், ஆனாலும் அதில் கைவைக்க முடியாது. ஏனென்றால் 1, 2, 3, 4 என்ற எண்களுக்குத் தங்களுக்கென்று ஒரு பொருளும் கிடையாது, எந்த வரிசையில் இருக்கின்றன என்பது மட்டுமே அவற்றுக்குப் பொருள் தருகிறது. உதவிச்சொற்களின் எண்ணை அடைப்புக்குறிக்குள் எழுதும் பகுதியிலும் இப்படித்தான். தன் வாக்கியத்தில் எழுதிய விடை அப்படிப்பட்டதில்லை. 'குமரன் தாமதமாக வந்தான்' என்ற வரி தாளில் எங்கே கிடந்தாலும் தான் எந்த வினாவுக்கு உரியது என்று தானே சொல்லும்.

இரண்டாவது வழி பிள்ளைகள்மேல் உள்ள அன்பில் பிறப்பது. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறது. 16ஆம் வினாவைப் பாருங்கள். இரண்டு காரணம் கேட்டோம், மூன்று வந்திருக்கிறது. ஓரத்தில் உள்ளதைச் சேர்த்துக்கொண்டு தவறானதை விட்டுவிட்டால், மூன்றில் நல்ல இரண்டை அவளுக்காக நாமே பொறுக்கி எடுக்கிறோம். கோட்டுக்குள் அடங்கி இரண்டே காரணம் எழுதி ஒன்றைத் தவறவிட்ட பக்கத்து மாணவனுக்கு அந்தச் சலுகை இல்லை. எண்ணிக்கை குறிப்பிட்டுக் கேட்கும் குறுவிடைகளில், கேட்ட எண்ணிக்கை நிறையும் வரை எழுதிய வரிசையில் திருத்தி, மிஞ்சியதை விட்டுவிட வேண்டும் என்பதும் மேலே சொன்ன ஓசிஆர் அறிவுரையில் உள்ளதுதான். ஆகவே ஓரத்தில் உள்ள மூன்றாவது காரணத்துக்கு மதிப்பெண் இல்லை. ஓரத்தில் எழுதியதால் இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே காரணத்தைக் கோட்டிலேயே மூன்றாவதாக எழுதியிருந்தாலும் இதே முடிவுதான். தவறான காரணத்தை அவள் அடித்துவிட்டு ஓரத்தில் புதியதை எழுதியிருந்தால் கதை வேறு, அப்போது முழு மதிப்பெண்ணும் கொடுப்பேன். அடித்ததன் மூலம் தன் விடை எது என்று அவளே தேர்ந்துவிட்டாள்.

இரண்டாவது இடம் பகுதி அச்சான பக்கம். வகுப்பில் நாமே என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? பகுதியைப் படிக்கும்போது விடை கிடைக்கும் வரியை அடிக்கோடிடு, பக்கத்தில் வினா எண்ணைக் குறி, பிறகு விடையை எழுது என்கிறோம். ஆகவே அந்தப் பக்கத்து ஓரத்தில் உள்ள எண்ணும் அடிக்கோடும் பெரும்பாலும் தேடலின் தடயம். தேடிக் கண்டுபிடித்ததற்கு நம்மிடம் மதிப்பெண் கிடையாது, எழுதியதற்குத்தான் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காத ஆசிரியர், அடிக்கோடு போட்ட பிள்ளைக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்தாக வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார்.

அப்படியென்றால் 20ஆம் வினாவில் நான் ஏன் ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்? இதில் எங்கள் கூட்டத்தில் நீண்ட வாதம் நடந்தது. 'அது பிளானிங், டீச்சர், ஆன்சர் இல்ல. பென்சில்ல வேற எழுதியிருக்கு' என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. ஆனால் 'இரக்க குணம்' என்ற சொற்கள் பகுதியில் எங்கும் அச்சாகவில்லை. பாட்டியின் செயலிலிருந்து குணத்தை ஊகித்து, தன் சொல்லில் எழுதியிருக்கிறாள். வினா எண்ணும் இருக்கிறது, கோட்டில் இதற்குப் போட்டியாக வேறு விடையும் இல்லை. குணத்துக்கான ஒரு மதிப்பெண் எதைக் கேட்கிறதோ, அது தாளில் இருக்கிறது. சான்றுக்கான இரண்டு இல்லை. அடிக்கோடிட்ட வரி நாம் அச்சிட்டது, அதை அவள் எழுதவில்லை. விடைக்கோட்டில் வேறொரு குணத்தை எழுதியிருந்தால், ஓரத்தில் இருப்பதை நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். கோட்டில் இருப்பதுதான் அவள் முடிவு, ஓரத்தில் இருப்பது அவள் கைவிட்ட யோசனை. இந்த முடிவில் எனக்கும் முழு நிம்மதி இல்லை. பென்சிலில் எழுதியதை ஏற்பதில்லை என்று அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் பள்ளியில் இந்த ஒன்றும் போய்விடும்.

மூன்றாவது வழி, எண்ணோ அம்போ இருந்தால் மட்டும், பார்வைக்கு நடுநிலையாகத் தெரியும். பலர் இதில்தான் வந்து நிற்கிறார்கள். இங்கிலாந்தின் ஏக்யூஏ வாரியத்தின் வினாத்தாள் முகப்பில், கூடுதல் இடம் வேண்டுமானால் புத்தகத்தின் கடைசியில் உள்ள கோடிட்ட பக்கங்களைப் பயன்படுத்தி, விடைக்கு எதிரே வினா எண்ணை எழுதச் சொல்லியிருக்கும். எழுதுபவருக்கு அறிவுரையாக இது மிக நல்லது. திருத்துபவருக்கு இதுவே சட்டமாகிவிட்டால்தான் கோளாறு. நம் மாதிரித் தாளில் மிகத் தெளிவாக அடையாளம் தெரிகிற மூன்று விடைகளை அது தள்ளிவிடுகிறது. ஐயத்துக்கு இடமான 20ஐ ஏற்கிறது. எண் போட்டிருக்கிறதா என்று பார்க்கும் கண், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

19ஆம் வினாவை அருகில் வைத்துப் பாருங்கள். 'மேலும், பாட்டி பணத்தைப் பெரிதாக நினைக்காமல்' என்பதோடு கோடு முடிகிறது. தமிழில் வினைமுற்று வாக்கியக் கடைசியில் வரும். 'நினைக்காமல்' என்ற எச்சத்தில் ஒரு பிள்ளை நின்றுவிட்டாள் என்றால், ஒன்று நேரம் முடிந்துவிட்டது, அல்லது மிச்சம் வேறெங்கோ இருக்கிறது. அந்தக் கணமே அடுத்த பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியது திருத்துபவரின் வேலை. வெற்றுப் பக்கத்தில் 'பிறருடைய பசியைப் பெரிதாக நினைத்தார்' என்ற வரியை எடுத்து அந்த எச்சத்துக்குப் பின்னால் வைத்தால், இரண்டும் ஒரே வாக்கியமாகப் பூட்டிக்கொள்கின்றன. இதைவிட உறுதியான அம்புக்குறி எது? நான்கு மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.

17, 18 இடமாற்றத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. நான் வைத்திருக்கும் சோதனை இது. அந்த விடையை அது கிடக்கும் இடத்தில் வைத்துப் படித்தால் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது, அந்த வினாவுக்கே பொருந்தாது. உரிய வினாவுக்குக் கீழே வைத்தாலோ, வேறெந்த வினாவுக்கும் பொருந்தாத அளவுக்கு முழுதாகப் பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்தால் இடமாற்றம் என்று நம்பலாம். குமரனையும் தாமதத்தையும் சொல்லும் வாக்கியம் கடனைப் பற்றிய வினாவுக்கு விடையாக எவருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் 17இன் இடத்தில் 'பாட்டி பிறருக்கு உதவ நினைத்தார்' என்று மட்டும் இருந்திருந்தால்? கடனுக்கும் அதைச் சொல்லலாம், அரிசி கொண்டுபோனதற்கும் சொல்லலாம், 20ஆம் வினாவின் குணத்துக்கும் இழுக்கலாம். அங்கே நான் இடமாற்றத்தைக் கற்பனை செய்ய மாட்டேன், கிடக்கும் இடத்தில் வைத்தே திருத்துவேன். இப்படிப் பொதுப்படையாக ஒரு வரி எண் இல்லாமல் ஓரத்தில் தனியாகக் கிடந்தால் அதற்கு மதிப்பெண் இல்லை. எந்த வினாவோடு சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை என்னுடையது இல்லை.

ஆக நான் கேட்கும் இரண்டு கட்டுப்பாடுகள் இவைதான். ஒரு வினாவுக்கு ஒரு விடைதான், இரண்டு இருந்து எதுவும் அடிபடவில்லை என்றால் கோட்டில் இருப்பது நிற்கும். அடுத்தது, அந்தப் பிள்ளையைத் தெரியாத இரண்டாவது ஆசிரியரும் அதே விடையை அதே வினாவோடுதான் சேர்ப்பார் என்ற உறுதி வேண்டும். 'இவள் நல்லாப் படிக்கிற பிள்ளை, இதைத்தான் நினைச்சிருப்பா' என்ற பேச்சு கூட்டத்தில் எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதே வரியை வகுப்பில் சுமாரான பையன் எழுதியிருந்தால் நாம் அப்படி நினைத்திருப்போமா? தாளின் பெயர்ப் பகுதியை மடித்து வைத்து, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் நீட்டி, 'இது எந்தக் கேள்விக்கு?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு நொடி தயங்கினாலும் எனக்கு விடை கிடைத்துவிடும்.

கூட்டலில் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கடைசிப் பக்க விடைக்குக் கடைசிப் பக்கத்திலேயே மதிப்பெண் எழுதினால், கூட்டும்போது அது விடுபட்டுப்போகும், அல்லது இரண்டு முறை சேர்ந்துவிடும். எங்கே எழுதியிருந்தாலும் மதிப்பெண் வினாவுக்குரிய கட்டத்தில்தான் விழ வேண்டும். பக்கத்தில் '9ஆம் பக்கம் காண்க' என்று ஒரு குறிப்பு. விடை கிடக்கும் இடத்தில் வெறும் சரிக்குறி மட்டும்.

தாள்களை வருடித் திரையில் திருத்தும் இடங்களில் நான்காவது வழி தானாக நடந்துவிடாது. வினாவாரியாக வெட்டிய பகுதி மட்டும் திரையில் வந்தால், ஓரத்தில் எழுதியது வெட்டுக்கு வெளியே போயிருக்கலாம், கடைசிப் பக்கம் கண்ணிலேயே படாமல் போகலாம். ஓரத்தில் எழுதாதே என்ற அறிவிப்புக்கு அங்கே உண்மையான காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது நானும் ஓரத்தில் எழுதவே கூடாது என்றுதான் கண்டிப்பாகச் சொல்வேன். பள்ளியில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அங்கேயும் கிடைக்கும் என்று அவர்கள் நம்பும்படி விட்டுவிடக் கூடாது. அதனால் வேறிடத்து விடைக்கு மதிப்பெண் கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் 'எண் எழுதுக' என்று சிவப்பில் எழுதித்தான் தாளைத் திருப்பித் தருகிறேன்.

இந்த முடிவுகளை எடுக்க வேண்டிய நேரம், தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால். முதல் சில தாள்களைத் திருத்திய பிறகு விதியை மாற்றினால், திருத்தி முடித்தவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தாக வேண்டும், அதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை. விடைக்குறிப்பின் தலையிலேயே மூன்று வரி போதும்: வேறிடத்தில் எழுதிய விடை எப்போது ஏற்கப்படும், இரண்டு விடை இருந்தால் எது நிற்கும், ஐயம் வந்தால் தாளை யாரிடம் கொண்டுபோவது. தாள் தயாரிப்பவரிடமும் ஒரு வேண்டுகோள். நான்கு மதிப்பெண் வினாவுக்கு மூன்று கோடு மட்டும் போட்டுவிட்டு, பிள்ளை ஓரத்துக்கு ஓடினாள் என்று குறை சொல்ல முடியாது. நம் பிள்ளைகளின் கையெழுத்துக்குத் தமிழ் வாக்கியம் நீளமாகத்தான் போகும். ஆறேழு கோடு போடுங்கள். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடாமல் 'தொடர்ச்சி – வினா எண்: ____' என்று அச்சிட்டுக் கொடுங்கள்.